முழங்காலைக் கடக்கும் இறுகிய தோல்: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. இடது தொடையின் நடுவிலிருந்து முழங்காலைக் கடந்து கீழே வரை ஒரு பட்டைபோலத் தோல் இறுகி, மெழுகு பூசியதுபோல் மினுங்குகிறது. சென்ற ஆண்டு சிறிய கறையாகத் தொடங்கியது. பூஞ்சணத்துக்கான கிரீம் பூசினோம், பலனில்லை. அயலில் சிலர் தொழுநோயோ என்கிறார்கள். டொக்டர் ஒருவர் மோர்ஃபியா, ஸ்கிளீரோடெர்மா வகை என்றார். இணையத்தில் தேடினால் நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் இறுகும் என்று இருக்கிறது. அவளுக்கு வலி இல்லை, ஓடி விளையாடுகிறாள். புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை காத்திருக்கலாமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். பரீட்சைக்கு முன்பே, முடிந்தால் இந்த வாரமே, தோல் நோய் நிபுணர் ஒருவரிடம் பிள்ளையைக் காட்டுங்கள். நுரையீரலை நினைத்து நான் அவசரப்படுத்தவில்லை. முழங்காலை நினைத்தே சொல்கிறேன்.

நீங்கள் இணையத்தில் வாசித்தது வேறொரு நோயைப் பற்றியது. ஸ்கிளீரோடெர்மா என்று தேடினால் மோர்ஃபியாவும் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸும் கலந்தே வரும். உள்ளுறுப்புகளைத் தாக்குவது இரண்டாவது நோய். அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. பிள்ளைகளிடம் மிக அரிது. தொடங்கும் இடமும் வேறு. முதலில் இரண்டு கைகளின் விரல்களும் வீங்கினாற்போல் தடிக்கும், பின்பு விரல்தோல் இறுகும், அங்கிருந்து மேல்நோக்கி ஏறும். பலருக்கு அதற்கு வெகு காலம் முன்பே, குளிர் பட்டவுடன் விரல்கள் வெளிறி, நீலமாகி, பிறகு சிவக்கும். நம் பக்கத்து வெயிலில் இதை யாரும் கவனிப்பதில்லை. அதனால் ஐஸ் தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்கும்போதும் மார்கழி மழையில் நனையும்போதும் விரல் வெளிறுகிறதா என்று நான் குறிப்பாகக் கேட்பதுண்டு.

உங்கள் மகளின் விரல் முதுகுத் தோலை மெதுவாகக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். எளிதில் மடிந்து எழும்பினால், விரல்கள் வெளிறும் வழக்கமும் இல்லையென்றால், சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நிபுணரும் விரல்களையே முதலில் பார்ப்பார். நகத்தின் அடித்தோலில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை உருப்பெருக்கியால் பார்ப்பார். ஒரு காலில் மட்டும் பட்டையாக இறங்கும் மோர்ஃபியா நாளடைவில் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸாக மாறுவதில்லை. இரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. என்ற எதிர்பொருள் பொசிட்டிவ் என்று வந்தாலும் கலங்காதீர்கள். மோர்ஃபியா உள்ள பிள்ளைகள் பலருக்கும் அப்படி வரும். அதை மட்டும் வைத்து நோய் உள்ளே போய்விட்டது என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

தொழுநோய் பற்றிய பேச்சு. மாந்தீவு தொழுநோய் வைத்தியசாலையின் நினைவு இன்னும் இருக்கும் ஊரில் இந்தச் சொல் ஒரு குடும்பத்தை எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். தொழுநோயின் தழும்பில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும். பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தழும்பையும் மற்றக் காலின் அதே இடத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தால் தொழுநோய்க்கான சாத்தியம் குறையும். இருந்தாலும் நம் மாகாணத்தில் இன்றும் அந்த நோய் காணப்படுவதால், நிபுணரும் அதைச் சோதித்தே விலக்குவார். ஒருவேளை அதுவாகவே இருந்தாலும் மாத்திரையால் முற்றாகக் குணமாகும். ஒளித்துவைக்க அதில் எதுவும் இல்லை.

இனி முழங்கால். பெரியவர்களின் வயிற்றிலோ முதுகிலோ வட்டமாக வரும் மோர்ஃபியா பல வேளை தோலோடு நின்று, சில ஆண்டுகளில் தானாகவே மென்மையாகும். பிள்ளைகளின் கை கால்களில் நீளவாக்கில் வரும் வகை அப்படியல்ல. அது தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு, தசை, சில நேரம் எலும்பு வரை இறங்கும். மூட்டைக் கடந்தால், அந்த இறுகிய பட்டை மூட்டை முழுமையாக நீட்டவோ மடக்கவோ விடாது. உங்கள் மகள் இன்னும் வளர வேண்டியவள். நோய் பட்ட கால் மெலிந்தும், மற்றக் காலை விடக் குட்டையாகவும் நின்றுவிடலாம். இந்த நோய் முதலில் அழற்சியாக இருக்கும், பிறகு இறுகும், கடைசியில் திசு சுருங்கிக் கரையும். மருந்து வேலை செய்வது அழற்சியின் மீது. கரைந்த தசையையும் நின்றுபோன வளர்ச்சியையும் எந்த மருந்தும் திருப்பித் தராது. வலி இல்லை என்பதால் பெற்றோர் பொறுத்திருப்பார்கள். அந்த மாதங்களில்தான் இழப்பு நேர்கிறது.

இப்போது அது பரவிக்கொண்டிருக்கிறதா என்பதை நீங்களும் ஓரளவு அறியலாம். தழும்பின் ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் தோலில் இளஊதா வளையமாகத் தெரிவது நம் நிறத்தில் மங்கிய ஊதாவாக அல்லது கருமையாகவே தெரியும். ஓரம் சுற்றியுள்ள தோலை விடச் சூடாக இருந்தாலோ, கடந்த மூன்று மாதங்களில் பட்டை நீண்டிருந்தாலோ நோய் உயிர்ப்போடு இருக்கிறது என்று பொருள். தெளிவான பொலித்தீன் தாளை மேலே வைத்துப் பேனாவால் எல்லையை வரைந்து திகதி எழுதுங்கள். முழங்கால் சிரட்டையின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே இரண்டு தொடைகளின் சுற்றளவையும் அளந்து குறியுங்கள். குந்தியிருக்கச் சொல்லி, இரண்டு முழங்கால்களும் ஒரே அளவு மடங்குகின்றனவா என்று பாருங்கள். கிளினிக்கில் இந்தத் தாளையும் குறிப்பையும் கொடுத்தால் நிபுணருக்கு அது மிகவும் உதவும்.

மூட்டைக் கடக்கும் பட்டைக்குப் பூச்சு மருந்து மட்டும் போதாது. வழக்கமான சிகிச்சை, தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ஸ்டீரோயிட், அதனுடன் நீண்ட காலத்துக்கு, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து. நல்ல முன்னேற்றம் தெரிந்த பின்னும் மெதோட்ரெக்சேட்டைக் குறைந்தது ஓராண்டாவது தொடர்வார்கள், ஏனெனில் இடையில் நிறுத்தினால் நோய் திரும்புவதுண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுக்கும் மருந்து. நாளாந்தம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையைத் தேர்ந்து கலண்டரில் வட்டமிடுங்கள். ஃபோலிக் அமிலமும், ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்குமான பரிசோதனைகளும் கூடவே இருக்கும். வீட்டில் அல்லது பாடசாலையில் யாருக்காவது அம்மை வந்தால், தடுப்பூசி போடும் நாள் வந்தால், முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள்.

மூட்டைப் பயிற்சியால் நீட்டி மடக்க பிசியோதெரபியும் தேவைப்படும். சூடான எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசைய வேண்டாம். பார்மசியில் தாமாக வாங்கும் கலவைக் கிரீம்களையும் நிறுத்துங்கள். அவற்றில் கடுமையான ஸ்டீரோயிட் இருந்தால், மேல் தோலின் நிறம் அடங்கி, அடியில் நடப்பது மறைந்துபோகும்.

இந்த நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தோலுக்கு வெளியேயும் ஏதாவது இருக்கும். பெரும்பாலும் மூட்டு வீக்கம்தான், தழும்பு இல்லாத மூட்டிலும் வரலாம். ஆகவே நிபுணர் எல்லா மூட்டுகளையும் பார்ப்பார், கண் பரிசோதனைக்கும் அனுப்பக்கூடும். நெற்றியிலோ தலையிலோ பட்டை தோன்றினால் அதை உடனே தெரிவியுங்கள், ஏனெனில் அங்கே கண்ணும் மூளையும் பக்கத்தில் இருக்கின்றன.

உங்களுக்கு அருகில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. முன்பு பார்த்த வைத்தியரிடம் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கடிதம் கேளுங்கள். ‘முழங்காலைக் கடக்கும் நீள்பட்டை, பரவுகிறது’ என்ற வார்த்தைகள் அதில் இருக்கட்டும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள். கிளினிக் திகதி பல வாரங்கள் தள்ளி வந்தால், தாதியிடம் மூட்டைப் பற்றிச் சொல்லி முன்கூட்டியே ஒரு திகதி கேட்கத் தயங்க வேண்டாம்.