நேராக விழும் கோடும் ஏமாற்றும்

கேள்வி: லைன்வீவர்–பர்க் வரைபடத்திலிருந்து Vmax, Km இரண்டையும் எப்படி எடுப்பது? எனக்குக் கோடு நேராகத்தான் வந்தது. ஆனாலும் அதை அப்படியே நம்பாதே என்கிறார் ஆசிரியர். ஏன்?

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களோடு செய்த கணக்கையே சொல்கிறேன். நெல் அறுத்த வயலில் விளைந்த பச்சைப் பயறை முளைகட்டி, அரைத்து, வடித்து, அதிலுள்ள அமிலப் பாஸ்பட்டேஸ் நொதியை எடுத்தோம். தளப்பொருள் பாரா நைட்ரோஃபீனைல் பாஸ்பேட். நொதி அதை வெட்டியபின் காரம் சேர்த்தால் மஞ்சள் நிறம் எழும்; அதன் அடர்த்தியைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடலாம்.

```
[S] மில்லிமோலார்        0.125  0.25  0.5  1     2
v நானோமோல்/நிமிடம்     7      13.3  20   26.7  32
```

லைன்வீவரும் பர்க்கும் 1934-இல் காட்டிய வழி, வேகம் v, தளப்பொருள் செறிவு [S] இரண்டையும் தலைகீழாக்கி வரைவது.

```
1/v = (Km/Vmax)(1/[S]) + 1/Vmax
```

கோடு நெட்டச்சை வெட்டும் இடம் 1/Vmax. அதே கோட்டை இடப்பக்கம் நீட்டினால், கிடையச்சை −1/Km என்ற இடத்தில் வெட்டும். Km சிறிதாக இருந்தால், குறைந்த தளப்பொருளிலேயே நொதி தன் உச்ச வேகமான Vmax-இல் பாதியை எட்டிவிடுகிறது என்று பொருள். நாட்டம் அதிகம் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான்.

எங்கள் கோடு நெட்டச்சை 0.0213-இல் வெட்டியது. ஆகவே Vmax 47, Km 0.70. R² 0.994 என்று வந்ததும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்த எண்களை v = Vmax[S]/(Km + [S]) என்ற மூல மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டில் திரும்பப் போட்டால், 2 மில்லிமோலாரில் வேகம் 34.8 வர வேண்டும். நாங்கள் அளந்ததோ 32. மஞ்சள் நன்றாக ஏறி, அளவீடு தெளிவாக இருந்த குழாய் அது. அங்கேயே கோடு பொய்த்தது.

கோளாறு முதல் குழாயில் இருந்தது. அதில் நிறம் கண்ணுக்கே சரியாகத் தெரியாத வெளிர் மஞ்சள். மறுநாள் அதை மட்டும் மூன்று முறை அளந்தோம். சராசரி 8 வந்தது. 7-க்கும் 8-க்கும் வேறுபாடு ஒன்றுதான். ஆனால் தலைகீழாக்கும்போது பிழை v-யின் வர்க்கத்தால் வகுபடுகிறது. 8-இல் நேரும் ஒரு அலகுப் பிழை, 32-இல் நேரும் அதே பிழையைவிட ஏறக்குறைய 16 மடங்கு பெரிதாகிறது. போதாததற்கு அந்தப் புள்ளி 1/[S] = 8 என்று வலக்கோடியில் தனியாக நிற்கிறது; நம்பத்தக்க புள்ளிகள் நெட்டச்சருகே நெருங்கிக் கிடக்கின்றன. தனியாக நிற்பது நெம்புகோல்போலக் கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அப்படி இழுத்துக்கொண்டதால்தான் R² அழகாகவும் இருந்தது.

8 என்று திருத்தியதும் வெட்டுமிடம் 0.025 ஆனது: Vmax 40, Km 0.5. அதே ஒரு அலகுப் பிழை 2 மில்லிமோலார் குழாயில் நேர்ந்திருந்தால், Vmax 39.3, Km 0.49 என்ற அளவில்தான் நகர்ந்திருக்கும்.

இந்த வரைபடத்தை முதல் மதிப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறுதி எண்களுக்கு v-யை [S]-க்கு எதிராக அப்படியே வரைந்து, அந்த வளைகோட்டுக்கே கணினியில் நேரடியாகப் பொருத்துங்கள். எக்செல் சால்வரே போதும். தொடக்க மதிப்பாக 47, 0.70 என்று கொடுத்தாலும் அது தானாகத் திருத்திக்கொள்ளும். 7 என்ற பிழையான அளவை மாற்றாமல் விட்டால்கூட, அந்தப் பொருத்தத்தில் விடை இவ்வளவு தூரம் விலகாது.