படமும் அதே அறை, ஆனால் வந்தவருக்கு வேறு அறை

கேள்வி: அண்ணே, புக்கிட் ரோத்தானில் அம்மா இருந்த டெரஸ் வீட்டை ஹோம்ஸ்தேயாக ஆன்லைனில் போட்டிருக்கிறேன். போன மாதம் வந்த ஒரு குடும்பம் நடு அறையைப் பார்த்ததும் “படத்துல இருக்கறது வேற ரூம்” என்று சண்டை பிடித்து, பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நான் எடுத்த படம்தான், அதே அறைதான், பொய் ஒன்றும் எழுதவில்லை. படத்துக்குக் கீழேயும் அறை விவரத்திலும் எப்படி எழுதினால் இந்தத் தொல்லை வராது? பணத்தைக் கொடுப்பதா வேண்டாமா?

பதில்: தங்கச்சி, லிங்கைத் திறந்து பார்த்தேன். நீங்கள் எழுதியதில் பொய் இல்லைதான். “அழகான, வசதியான அறை” என்று ஒரே ஒரு வரி, அதில் பொய் சொல்லவும் இடமில்லை. பிரச்சனை நீங்கள் எழுதாத இடத்தில் இருக்கிறது. அறையின் பரப்பளவு கேட்கும் கட்டத்தில் 90 என்று போட்டிருக்கிறீர்கள், பக்கத்தில் இருக்கும் அலகு சதுர மீட்டர். நடு அறை 9 அடிக்கு 10 அடி என்று சொன்னீர்களே, அது 90 சதுர அடி. ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி, அதனால் அந்தக் கட்டத்தில் வர வேண்டியது 8.4. 90 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 970 சதுர அடி, உங்கள் வீட்டின் ஹாலையும் சமையலறையையும் சேர்த்துக் கூட்டினாலே அவ்வளவு வருமா என்று சந்தேகமாக இருக்கிறது. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் நடு அறைக்கு மகனுக்கும் சேர்த்து ஒரு மெத்தை போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடக்கும் தப்பு இல்லை. நாம் வீடு வாங்குவதும் விற்பதும் சதுர அடியில், பாரம் கேட்பது சதுர மீட்டரில். எல்லா அறைக்கும் மெஷரிங் டேப்பைப் பிடித்து, சுவரின் உள்பக்கம் தொட்டு உள்பக்கம் வரை செ.மீட்டரிலேயே அளந்து விடுங்கள். நடு அறை 274க்கு 305 வரும், 2.74 பெருக்கல் 3.05 என்று போனில் தட்டினால் வேலை முடிந்தது.

இன்னொரு விஷயம். புக்கிங் டாட் காம் மாதிரி தளங்களில் விருந்தாளி வாசிக்கும் வர்ணனையில் பெரும்பகுதி நீங்கள் எழுதுவது இல்லை, நீங்கள் தட்டிய கட்டங்களிலிருந்து தளமே கோத்துக்கொள்வது. அதனால் தலைப்பும் வாக்கியமும் யோசிப்பதற்கு முன்னால் கட்டங்களைச் சரிபார்க்க வேண்டும். பரப்பளவுக்கு அடுத்தபடி அதிகம் வம்பு இழுப்பது கட்டில். உங்கள் நடு அறைக் கட்டில் நம் ஊர் குவீன், மெத்தையின் அகலம் 152 செ.மீ. நம் ஊர் கிங் 183. ஆனால் தளத்தின் பட்டியலில் 131 முதல் 150 வரை ஒரு வகை, 151 முதல் 180 வரை ஒரு வகை, 181 முதல் 210 வரை ஒரு வகை. உங்கள் குவீன் 2 செ.மீ. வித்தியாசத்தில் இரண்டாவது வகைக்குள் போய் உட்காருகிறது, பார்ப்பவர் வைத்திருக்கும் மொழியைப் பொறுத்து அதன் பெயர் மாறும், சிலருக்குக் ‘கிங்’ என்றே தெரியலாம். அங்கே பெயரைப் பார்க்காமல் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் நீங்களே எழுதக்கூடிய இடத்தில் எல்லாம் 152 செ.மீ. என்று எண்ணைச் சொல்லிவிடுங்கள். எண் எந்த மொழியிலும் மாறாது.

சரி, படத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படம் போனில் 0.5 வைத்து எடுத்தது, பார்த்த உடனே தெரிகிறது. எப்படி என்றால், ஓரத்தில் இருக்கும் தலையணை இழுத்து நீட்டின மாதிரி, கட்டிலின் கால்பக்கம் தலைப்பக்கத்தைவிட இரண்டு மடங்கு அகலமாகத் தெரிகிறது, அலமாரி எங்கேயோ தூரத்தில் நிற்கிறது. அந்த வைட் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தள்ளி இருப்பதை இன்னும் தள்ளிக் காட்டும். அறை 9 அடி அகலம், சுவரை ஒட்டிய கட்டில் 5 அடி, எதிர்ச் சுவரில் அலமாரி 2 அடி. மிச்சம் நடக்க இருப்பது 2 அடிதான். உங்கள் படத்தில் அந்த 2 அடியில் ஒருவர் பாய் விரித்துப் படுக்கலாம் போல இருக்கிறது.

1x வைத்து, கதவு நிலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் போனைச் சாய்க்காமல் பிடித்து எடுங்கள். முழு அறையும் ஒரே படத்தில் வராது, வராவிட்டால் போகட்டும், எதிர் மூலையிலிருந்து இன்னொன்று எடுங்கள். அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள்: வெளியூர் போக வைத்திருக்கும் பெரிய பெட்டியைக் கொண்டு வந்து கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் படுக்கப் போட்டுத் திறந்து பாருங்கள். கோலாலம்பூரில் நான் ஒரு தடவை தங்கிய அறையில் என் பெட்டி பாதிதான் திறந்தது, மூன்று நாளும் கைவிட்டுத் துழாவித்தான் சட்டை எடுத்தேன், அந்த அறையின் படத்திலும் எல்லாம் தாராளமாகத்தான் இருந்தது. உங்கள் அறையில் பெட்டி திறக்கவில்லை என்றால் வருகிறவர் அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

படத்துக்குக் கீழே எழுதுவது படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்வதற்கு இல்லை. கட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அழகா இல்லையா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். படம் மறைப்பதை, அல்லது படத்தால் காட்ட முடியாததை எழுதுங்கள். நடு அறைக்கு நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

“நடு அறை, 8.4 சதுர மீட்டர். 152 செ.மீ. கட்டில் ஒன்று, இருவருக்கு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே 2 அடி, கூடுதல் மெத்தை போட இடமில்லை. பெரிய பெட்டிகளை ஹாலில் வைத்துத் திறக்க வேண்டும். ஏர்கோன் உண்டு. ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது.”

இதைப் படித்துவிட்டு யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று உங்களுக்குத் தோன்றும். மூன்று பேர் குடும்பம் வராது, உண்மைதான். ஆனால் அவர்கள் வந்துதானே சண்டை போட்டார்கள். இருவராக வருகிறவர் விலையைப் பார்த்து, இது போதும் என்று எடுப்பார், குறை சொல்ல அவருக்கு ஒன்றும் இருக்காது. படத்துக்குக் கீழே எழுத விடாமல் ‘படுக்கை’, ‘குளியலறை’ என்று அடையாளம் மட்டும் ஒட்டச் சொல்லும் தளமும் உண்டு. அங்கே இந்த வரிகள் அறை விவரத்தின் முதல் வரிகளாகப் போகட்டும், படத்தையும் வீட்டின் பொதுப் படங்களோடு கலக்காமல் அந்த அறைக்குக் கீழேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் முன் அறையின் படம் நடு அறைக்குக் கீழே கிடக்கிறது. முன் அறையில் இரண்டு ஜன்னல். வந்தவர் “வேற ரூம்” என்று சொன்னதில் அந்த ஒரு படத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

குளியலறை பற்றியும் சொல்ல வேண்டும். ‘தனிக் குளியலறை’ என்று தட்டியிருக்கிறீர்கள். கதவைத் திறந்தால் சமையலறை வழியாகப் போக வேண்டிய, பின் அறைக்காரரும் பயன்படுத்துகிற குளியலறை அது. தனியாகப் பூட்டிக்கொள்ளலாம் என்பதால் தனி ஆகிவிடாது. அறைகளைத் தனித்தனியாக விடும்போது அது ‘பொது’, முழு வீட்டையும் ஒரே குடும்பத்துக்கு விடும்போது மட்டும் அந்தச் சிக்கல் இல்லை. வாட்டர் ஹீட்டர் முன் அறைக் குளியலறையில் மட்டும்தான் என்றால் அதையும் எழுதுங்கள். பின்பக்கக் கழிவறை குந்தி உட்காருவது என்று சொன்னீர்கள், முழங்கால் வலிக்கிற பாட்டியோடு வருகிறவர்களுக்கு வீட்டில் இருக்கும் எல்லா அலங்காரத்தையும்விட அந்த ஒரு வரிதான் முக்கியம். அதைப் படம் எடுத்துப் போட வெட்கப்பட வேண்டாம்.

கடைசிப் படமாக மின்மினிப் பூச்சி மரம் ஒன்று போட்டிருக்கிறீர்கள். கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைப் படம் என்று நமக்குத் தெரியும், பினாங்கிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் பின்னால் ஆறு என்று நினைத்துக்கொள்வார், வந்து பார்த்தால் செம்பனை. அதோடு அந்த மாதிரிப் படங்களை நீண்ட எக்ஸ்போஷரில் எடுப்பார்கள், மரம் முழுக்கப் பச்சை விளக்கு எரிவது மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரிவது விட்டு விட்டு மினுங்கும் சிறு புள்ளிகள், நிலா வெளிச்சம் இருந்தால் அதுவும் மங்கும். படத்தை எடுத்துவிட வேண்டியதில்லை. ஒருநாள் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வீட்டு வாசலிலிருந்து படகுத்துறை வரை நீங்களே காரை ஓட்டிப் பார்த்து, “கம்போங் குவாந்தான் மின்மினி, வீட்டிலிருந்து தெரியாது, காரில் இத்தனை நிமிடம், திரும்பி வர கிராப் கிடைப்பது உறுதியில்லை” என்று எழுதுங்கள். மேப் காட்டும் நிமிடத்தை அப்படியே போடாதீர்கள், ராத்திரியில் தோட்டத்துப் பாதையில் விளக்கு இல்லாத இடத்தில் யாரும் அந்த வேகத்தில் ஓட்டுவதில்லை. விடியற்காலையில் செம்பனை லோரி போகும் சத்தம், காற்று திரும்பினால் ஆலை வாடை, இதெல்லாம் உங்கள் மூக்குக்கும் காதுக்கும் எப்போதோ பழகியிருக்கும். வெளியூரில் இருக்கும் தம்பியோ தங்கையோ ஒரு ராத்திரி தங்கிப் பார்த்துச் சொல்லட்டும், அவர்கள் முதலில் சொல்லும் இரண்டு குறை விவரத்தில் வந்தே ஆக வேண்டும்.

பணம்: கேட்ட பாதியைக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. 90 சதுர மீட்டர் என்று எழுத்தில் இருக்கிறது, வேறு அறையின் படம் இருக்கிறது, இந்த இரண்டையும் அவர் போனில் பிடித்து வைத்திருப்பார். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 உங்கள் மனதில் பொய் இருந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை, வாங்குகிறவரைத் தவறாக நினைக்க வைக்கக்கூடியதா என்றும் பார்க்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட அவருக்கு 5 வெள்ளிதான் செலவு, 50,000 வெள்ளி வரைக்குமான வழக்கை அங்கே எடுத்துக்கொள்வார்கள். ஒரு ராத்திரி வாடகையில் பாதிக்காக அந்த வாசலில் நிற்க வேண்டாம்.

திருத்தியதும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். தீபாவளி விடுமுறைக்கு ஏற்கெனவே நான்கு பதிவு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் பணம் கட்டியது பழைய விவரத்தைப் பார்த்து. தளத்தின் மெசேஜ் வழியாகவே, வாட்ஸ்அப்பில் இல்லை, நால்வருக்கும் அனுப்புங்கள்: “நடு அறையின் அளவு தவறாகப் பதிவாகியிருந்தது, சரியான அளவு 8.4 சதுர மீட்டர், இருவருக்கு மட்டும், குளியலறை பொது. புதிய படங்களைப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், கட்டணம் பிடிக்காமல் ரத்து செய்து தருகிறேன்.”