இடி மழையில் டிவியும் கம்ப்யூட்டரும்: ஸ்பைக் பஸ்டர் எதுவரை காக்கும்?

கேள்வி: டிவி, கம்ப்யூட்டர் ரெண்டையும் ஸ்பைக் பஸ்டரில்தான் மாட்டியிருக்கிறேன். இடி இடிக்கும்போது அப்படியே விடலாமா, இல்லை பிளக்கைப் பிடுங்கணுமா?

பிடுங்கிவிடுங்கள். டிஷ் கேபிளையும் லேன் வயரையும் சேர்த்தே கழற்றுங்கள். பெட்டியில் உள்ள சுவிட்சை அணைத்தால் போதாது. பெரும்பாலான பெட்டிகளில் அது பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைப்பில்தான் இருக்கும். இதையெல்லாம் இடி நெருங்கும் முன்பே செய்ய வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது டிஷ் கேபிளில் கை வைக்காதீர்கள்.

ஸ்பைக் பஸ்டருக்குள் வேலை செய்யும் பொருள் வேரிஸ்டர். பொத்தான் அளவில், பெரும்பாலும் நீல நிற வில்லையாக இருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சமே 325 வோல்ட் என்பதால் அதுவரை சும்மா இருக்கும். 430 வோல்ட்டைத் தாண்டும்போது கடத்தத் தொடங்கி, மிகையாக வரும் மின்சாரத்தை நியூட்ரலுக்கோ எர்த்துக்கோ திருப்பிவிடும். அப்போதும் டிவிக்கு 700 வோல்ட் அளவுக்குப் போகும். ஆனால் அது சில மைக்ரோ நொடிகள்தான், நல்ல பவர் சப்ளை தாங்கிக்கொள்ளும். தெருவில் எங்கோ விழுந்த மின்னலால் கம்பி வழியே வரும் அதிர்வுக்கு இது போதும். வீட்டின் மேலேயே விழுந்தால் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர். 20 மில்லிமீட்டர் வில்லை ஒருமுறை தாங்குவது சுமார் 6,500 ஆம்பியர்.

வில்லை மூன்று இருக்க வேண்டும்: பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் உள்ள ஸ்குருவைக் கழற்றிப் பாருங்கள். 431 அல்லது 471 என்ற எண் அச்சடித்த வில்லைகள் தெரியும். மலிவான பெட்டிகளில் ஒன்றுதான் இருக்கும். சிலவற்றில் ஃபியூஸ் தவிர எதுவுமே இருக்காது, அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சிவப்பு விளக்கு எரிவது கரண்ட் வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எர்த் பின் பெயருக்கு மட்டும் இருக்கும் வீட்டில் மூன்றில் இரண்டு வில்லைகளுக்கு வேலையே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் டிவி போவது ஏன்? ஸ்பைக் பஸ்டர் காப்பது தன் வழியே போகும் கம்பிகளை மட்டும். மொட்டை மாடியில் டிஷ் இருக்கிறது. பக்கத்துத் தென்னையில் மின்னல் விழுகிறது. டிஷ் கேபிளின் மேலுறைக் கம்பியில் பல ஆயிரம் வோல்ட் ஏறி, செட்டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ கேபிள் வழியே டிவியின் போர்டுக்கு வந்து, பவர் சப்ளை வழியாக மெயின்ஸுக்கு வெளியேறுகிறது. ஸ்பைக் பஸ்டர் இருந்தது வெளியேறும் வாசலில். இப்படிப் போனதைக் கண்டுபிடிப்பது எளிது: டிவி ஆன் ஆகும், ஆனால் அந்த எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் வேலை செய்யாது. கம்ப்யூட்டரில் இதே கதை லேன் போர்ட்டுக்கு நடக்கும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை கடத்தாதுதான், ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பி கடத்தும். அதை வெளிச்சுவரிலேயே நிறுத்தி, உள்ளே இழையை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

டிஷ்ஷுக்கு மருந்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு எர்த் பிளாக் போட்டு, குட்டையான தடித்த செம்புக் கம்பியால் வீட்டின் மெயின் எர்த்தோடு இணைப்பது. டிஷ்ஷுக்குத் தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடிப்பது பலர் செய்யும் வேலை, அது நிலைமையைக் கெடுக்கும். எர்த்தின் தடை 5 ஓம் என்றால், 1,000 ஆம்பியர் இறங்கும்போது அதில் 5,000 வோல்ட் ஏறும். இரண்டு எர்த்துக்கும் இடையிலான அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் டிவிக்குள்தான் சமன் ஆகும்.

முறையான பாதுகாப்பு தொடங்குவது மெயின் போர்டில். டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் போடச் சொல்லுங்கள். பேஸ், எர்த் இரண்டு பக்க இணைப்புக் கம்பிகளும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். அழகுக்காகக் கம்பியைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனால், ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 1,000 வோல்ட் கூடுதலாக உள்ளே வரும். அது அடக்கியதில் மிச்சம் வருவதற்குத்தான் ஸ்பைக் பஸ்டர்.

இன்னொன்று, இடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பழி இடி மேல் விழும். மழைக் காற்றில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் நிமிடக்கணக்கில் வரலாம். ஒரு வீட்டில் பல்பு கண்ணைக் கூசும், பக்கத்து வீட்டில் மங்கும். வேரிஸ்டர் இதைத் தாங்காது, சூடேறிக் கருகும். இதற்கு 270 வோல்ட்டைத் தாண்டினால் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்டாஃப் தனியாக வேண்டும். கருகிய வாசனை வந்த ஸ்பைக் பஸ்டரில் விளக்கு எரிந்தாலும் தூக்கிப் போடுங்கள்.