மியூனிக்கில் ஒரு டம்ளர் டிகிரி காபி

"அக்கா, மியூனிக் வந்து ரெண்டு மாசம். ஊர்லேர்ந்து ஃபில்டர் கொண்டுவந்தேன், காபித்தூள் தீர்ந்துடுச்சு. இங்க கிடைக்கிற தூள்ல டிகாக்ஷனே இறங்க மாட்டேங்குது. நீங்க என்ன பண்றீங்க?"

நான் வந்த முதல் குளிர்காலத்தில் இதே கதைதான்மா. எஸ்பிரஸோ தூள்தான் கெட்டியாக இருக்கும் என்று நம்பி வாங்கினேன். ராத்திரி வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன், காலையில் தண்ணீர் மேலேயே நிற்கிறது. மாவு மாதிரி அரைத்த தூள் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அடுத்து பேப்பர் ஃபில்டருக்கான தூள் வாங்கினேன். அது ஐந்தே நிமிடத்தில் மடமடவென்று இறங்கிவிட்டது. கீழே இருந்தது டிகாக்ஷன் இல்லை, கறுப்புத் தண்ணீர்.

அப்புறம்தான் உறைத்தது, ஊர்த் தூளில் சிக்கரி இருந்ததே! அது தண்ணீரில் ஊறி உப்பி, டிகாக்ஷனை நிதானமாக இறங்க விடும். கெட்டியும் நிறமும் பாதி அதனால்தான். உடனே சூப்பர்மார்க்கெட்டில் சிக்கரிப் படம் போட்ட ஒரு டப்பாவை வாங்கி வந்து கலந்தேன். அது பார்லி, மால்ட் எல்லாம் சேர்த்த உடனடித் தூள். வெந்நீர் பட்டதும் கரைந்தே போச்சு.

கடைசியில் கைகொடுத்தது பிரான்ஸ் போய்வந்த ஒரு தோழி. வடக்குப் பிரான்ஸ்காரர்களும் நம்மைப் போல சிக்கரிப் பிரியர்கள். வறுத்த சிக்கரிக் குறுணை ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். காபிக்கொட்டையை இங்கேயே வறுத்து விற்கும் கடையில் நன்றாகக் கறுத்த வறுவலாகக் கேட்டு, எஸ்பிரஸோவுக்கும் பேப்பர் ஃபில்டருக்கும் நடுப்பட்ட பதத்தில் அரைத்து வாங்கினேன். கேட்டால் அரைத்துத் தருவார்கள்.

24 கிராம் காபித்தூள், 6 கிராம் சிக்கரி. மேல் பாத்திரத்தில் போட்டு அமுக்கியை லேசாக வைக்க வேண்டும், இறுக்கி அழுத்தினால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். கொதித்த தண்ணீர் 150 மில்லி, சுற்றிலும் மெதுவாக ஊற்றி மூடி விடுங்கள். இருபது நிமிடம், அரைமணி ஆகட்டும். தூள் குடித்தது போக 90 மில்லி அளவுக்கு இறங்கும், ரெண்டு டம்ளருக்குப் போதும். அதைச் சுட வைக்கவே கூடாது, கசந்துவிடும். சூடு பாலில்தான் இருக்க வேண்டும்.

பால்தான் இன்னும் சரியாக வரவில்லை. அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் ஹா-மில்ஷ் வேண்டாம், ஒரு வெந்த வாடை அடிக்கும். ஃப்ரிட்ஜ் பக்கம் இருக்கிற 3.5 சதவீதக் கொழுப்புப் பாலை எடுங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் இருக்கும். அதனால் நான் ஐந்தாறு நிமிடம் சிறு தீயில் கிளறிக் கிளறிச் சுண்டவிடுகிறேன்.

போன கோடையில் அம்மா வந்திருந்தாள். டபராவில் ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சிக்கரி கொஞ்சம் தூக்கலா இருக்கே, எந்தக் கடைத் தூள்?" என்றாள்.