சம புள்ளியில் நின்றால் யார் உள்ளே, யார் வெளியே?

கேள்வி: 2018 கால்பந்து உலகக் கோப்பையில் செனகல் அணியை மஞ்சள் அட்டையை எண்ணி வெளியே அனுப்பினார்கள். ஜப்பானோ கடைசிப் பத்து நிமிடம் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனது. இப்போது 2026-க்குக் கோல் வித்தியாசத்தையும் பின்னுக்குத் தள்ளி, ‘நேருக்கு நேர்’ முடிவை முன்னால் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தை ஆடுகளத்தில் முடிக்கத் தெரியாதவர்கள் எழுதிய விதிகளா இவை? பேசாமல் பெனால்டி அடிக்கவிட்டால் என்ன?

பதில்: கோபம் இருக்கட்டும். அந்தக் குழுவின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம்; பாதிக் கோபம் அங்கேயே தீர்ந்துவிடும்.

செனகல் போலந்தை 2-1 என வென்றது, ஜப்பானுடன் 2-2 டிரா செய்தது, கொலம்பியாவிடம் 0-1 எனத் தோற்றது. ஜப்பான் கொலம்பியாவை 2-1 என வென்றது, செனகலுடன் அதே 2-2, போலந்திடம் 0-1 தோல்வி. இரண்டு அணிகளுக்கும் நான்கு புள்ளிகள். அடித்த கோல் நான்கு, வாங்கிய கோல் நான்கு. ஆக, கோல் வித்தியாசம் சமம், அடித்த கோலும் சமம். அவை மோதிய ஆட்டமும் டிரா. அதனால் நேருக்கு நேர் புள்ளி, கோல் வித்தியாசம், கோல் எண்ணிக்கை மூன்றும் சமம். ஆடுகளத்தில் கோலாக விழுந்த அத்தனையையும் எண்ணிப் பார்த்த பிறகும் முடிச்சு அவிழவில்லை. அதற்கு அப்புறம்தான் அட்டைக் கணக்கு. மஞ்சளுக்கு ஒரு புள்ளி குறையும். இரண்டாவது மஞ்சளால் வரும் சிவப்புக்கு மூன்று, நேரடிச் சிவப்புக்கு நான்கு, மஞ்சள் வாங்கியவரே பிறகு நேரடிச் சிவப்பும் வாங்கினால் ஐந்து. ஜப்பானுக்கு நான்கு மஞ்சள், செனகலுக்கு ஆறு. ஜப்பான் உள்ளே, செனகல் வெளியே.

இந்த அட்டைக் கணக்கு இல்லாவிட்டால் விதிப்புத்தகத்தில் மிஞ்சியிருந்த ஒரே வழி குலுக்கல். 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்தும் நெதர்லாந்தும் எல்லா ஆட்டங்களையும் டிரா செய்து, அடித்த கோலும் வாங்கிய கோலும் ஒன்றாக நின்றபோது இரண்டாம், மூன்றாம் இடங்களைச் சீட்டெடுத்துத்தான் தீர்மானித்தார்கள். அங்கே இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போனதால் பெரிய சேதமில்லை. 2015 ஆப்பிரிக்கக் கோப்பையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கினியும் மாலியும் மூன்று ஆட்டங்களையும் 1-1 என முடித்திருந்தன. சீட்டு கினிக்கு விழுந்தது, மாலி வீடு திரும்பியது. ஆறு முறை நடுவரின் கையைச் சட்டைப்பைக்குப் போகவைத்த அணி வெளியேறுவதும், பந்தே உருளாத ஓர் அறையில் எடுத்த சீட்டில் ஓர் அணி வெளியேறுவதும் எனக்கு ஒன்றல்ல. அட்டையாவது ஆட்டத்தில் நடந்தது.

ஜப்பானின் அந்தப் பத்து நிமிடத்தையும் நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். பத்திரமாக உட்கார்ந்து நேரத்தைக் கடத்திய அணியல்ல அது. தன் தலையை அடுத்த மைதானத்தில் அடமானம் வைத்த அணி. சமாராவில் செனகலுக்கு எதிராகக் கொலம்பியாவின் யெர்ரி மினா 74-வது நிமிடத்தில் கோல் அடித்த பிறகுதான், அதே நேரத்தில் வோல்கோகிராடில் போலந்திடம் பின்தங்கியிருந்த ஜப்பான் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. மிச்சமிருந்த நேரத்தில் செனகல் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் ஐந்து புள்ளிகளுடன் அது உள்ளே போயிருக்கும். ஜப்பான் தன் பாதி மைதானத்தில் பந்தை உருட்டிக்கொண்டே வெளியேறி, உலகத்தின் ஏளனத்தையும் சேர்த்து வாங்கியிருக்கும். முன்னேறித் தாக்கியிருந்தால்? எதிர்த்தாக்குதலில் இன்னொரு கோல் வாங்கினால் கோல் வித்தியாசத்தில் போச்சு. தடுக்கிறேன் என்று காலை நீட்டி இன்னும் இரண்டு மஞ்சள் வாங்கினால் அட்டையும் சமமாகி, குலுக்கல். பயிற்சியாளர் அகிரா நிஷினோ இரண்டு ஆபத்துகளைத் தூக்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அழகாக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மைதானத்தில் கூச்சல் எழுந்ததும் நியாயம்தான். ஆனால் நன்னடத்தையை அளக்க வந்த விதி, ஓர் அணியை விளையாடாமல் நிற்கவைத்தது என்பதுதான் அந்த மாலையின் உண்மையான கோணல். அதைச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

இன்னொன்று: நேருக்கு நேர் முன்னால் வந்தாலும் பின்னால் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. எல்லாமே சமம் என்றபோது வரிசையை எப்படிப் புரட்டினாலும் அட்டையில்தான் வந்து நிற்கும். ஆகவே 2018-ஐக் காட்டி 2026 விதியைத் திட்ட முடியாது. திட்டுவதற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது.

அதற்கு 2004 ஐரோப்பியக் கோப்பைக்குப் போக வேண்டும். அதை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா அப்போதே நேருக்கு நேர் முடிவைத்தான் முதலில் பார்த்தது. கடைசி ஆட்டங்களுக்கு முன் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நான்கு புள்ளிகள், இத்தாலிக்கு இரண்டு. பல்கேரியா இரண்டிலும் தோற்று ஏற்கெனவே வெளியே. கடைசி நாளில் டென்மார்க்கும் ஸ்வீடனும் மோதின. இத்தாலி பல்கேரியாவுடன் ஆடியது. இத்தாலி வென்று, மற்ற ஆட்டம் டிரா ஆனால் மூன்று அணிகளும் ஐந்து புள்ளிகள். அப்போது பல்கேரியாவுடன் ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிட்டு, மூன்று பேரும் தங்களுக்குள் ஆடியவற்றை மட்டும் வைத்து ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் எல்லா ஆட்டமும் டிரா; எனவே எல்லோருக்கும் இரண்டு புள்ளி, கோல் வித்தியாசம் சுழி. பிறகு அங்கே அடித்த கோல்களை எண்ண வேண்டும். இத்தாலி டென்மார்க்குடன் 0-0, ஸ்வீடனுடன் 1-1 என முடித்திருந்தது. ஆக அதன் கணக்கில் ஒரு கோல். அது இனி ஏறாது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். டென்மார்க்–ஸ்வீடன் ஆட்டம் 0-0 என முடிந்தால் ஸ்வீடனுக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று, டென்மார்க்குக்கு ஒன்றுமில்லை, டென்மார்க் வெளியே. 1-1 என முடிந்தால் ஸ்வீடனுக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. டென்மார்க்கும் இத்தாலியும் மொத்தக் கோல் வித்தியாசத்தில் பிரிக்கப்படும், பல்கேரியாவை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் இத்தாலி தப்பிக்கும். 2-2 என்றால் ஸ்வீடனுக்கு மூன்று, டென்மார்க்குக்கு இரண்டு, இத்தாலிக்கு ஒன்று. இத்தாலி பல்கேரியாவைப் பத்துக்குப் பூஜ்யம் என்று வென்றாலும் வெளியே. ஒரே டிரா, மூன்று விதமான தீர்ப்பு.

என்ன நடந்தது? 2-2. ஸ்வீடனின் மத்தியாஸ் யான்சன் 89-வது நிமிடத்தில் சமன் செய்தார். இத்தாலியின் கஸானோ தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்த்த நேரத்தில் பல்கேரியாவுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்துக் கொண்டாட ஓடினார். அடுத்த மைதானத்தின் செய்தி கிடைத்ததும் அந்த முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு அணிகளும் பேசிவைத்து ஆடின என்று நான் சொல்லவில்லை. பேசிவைக்கத் தேவையே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. எந்த ஸ்கோர் வந்தால் இருவரும் பிழைப்போம், மூன்றாமவன் என்ன செய்தாலும் ஒழிவான் என்பது ஆட்டத்துக்கு முந்தைய நாளே பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது.

மொத்தக் கோல் வித்தியாசத்தை முதலில் பார்த்திருந்தாலும், நடந்த முடிவுகளின்படி இத்தாலி வெளியேதான்: ஸ்வீடனுக்கு ஐந்து, டென்மார்க்குக்கு இரண்டு, இத்தாலிக்கு ஒன்று. இத்தாலி ரசிகர்கள் இந்த வரியைப் படிக்க விரும்புவதில்லை. ஆனால் அந்த வரிசையில் கதவு திறந்திருந்திருக்கும். அதே 2-2 வந்தாலும், பல்கேரியாவை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் இத்தாலி டென்மார்க்கைத் தாண்டியிருக்கும். அதாவது தன் தலைவிதி தன் கையில் இருந்திருக்கும். நேருக்கு நேர் விதி அதைப் பிடுங்கி அடுத்த இருவர் கையில் கொடுத்துவிட்டது. நான்கு அணிகள் மூன்றே ஆட்டங்கள் ஆடும் குழுவில், முடிந்துபோன ஓர் ஆட்டத்தை இத்தனை கனமாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஃபிஃபா பழைய வரிசையையே வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

எதிர்க்கட்சிக்கும் சாட்சி இருக்கிறது. 1978-இல் இரண்டாம் சுற்றுக் குழுவில் பிரேசில் அன்று மாலையே போலந்தை வென்று முடித்துவிட்டது. இறுதிக்குப் போக அர்ஜென்டினாவுக்குப் பெருவை நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்தது. 6-0 என வென்றது. பெரு ஏற்கெனவே வாய்ப்பிழந்த அணி. கோல் வித்தியாசத்தின் பலவீனம் இதுதான்: நம்பிக்கை போன ஒரு மூன்றாவது அணி எவ்வளவு மனம் வைத்து ஆடுகிறது என்பதில் உங்கள் தலையெழுத்து தொங்கும். தங்களுக்குள் மோதிய ஆட்டம் டிரா ஆகாதவரை, நேருக்கு நேர் விதி அந்த ஓட்டையை அடைக்கிறது. கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கமும் இந்த மாதிரிக் கசப்புகளுக்குப் பிறகு வந்ததுதான். 1982-இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், அல்ஜீரியாவின் ஆட்டம் முதல்நாளே முடிந்திருந்ததைப் பயன்படுத்தி 1-0 என்ற வசதியான ஸ்கோரில் நடைபோட்டது அதில் முக்கியமானது.

பெனால்டி யோசனைக்கு வருகிறேன். அது ஐரோப்பியக் கோப்பை விதியில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் மிகக் குறுகிய சந்தில். சமமாக நிற்கும் இரண்டு அணிகளும் கடைசி ஆட்டத்தில் ஒன்றோடொன்று மோதியிருக்க வேண்டும். அது டிராவில் முடிந்து, புள்ளியும் குழுவில் அடித்த கோலும் வாங்கிய கோலும் சமமாக இருக்க வேண்டும். வேறெந்த அணியும் அதே புள்ளியில் இருக்கக் கூடாது. ஜப்பான் வோல்கோகிராடிலும் செனகல் சமாராவிலும் இருந்தபோது யார் யாரிடம் பெனால்டி அடிப்பது?

2026 விதியில் உங்களுக்கு உண்மையாகவே எரிச்சல் வர வேண்டிய இடம் கடைசி வரி. நேருக்கு நேர், மொத்தக் கோல் வித்தியாசம், அடித்த கோல், அட்டைக் கணக்கு எல்லாம் சமமானால் குலுக்கல் இல்லை. ஃபிஃபா தரவரிசையில் மேலே இருக்கும் அணி போகும். முந்தைய ஆண்டுகளின் வெற்றிகளுக்கு இந்தப் போட்டியில் பரிசு. பன்னிரண்டு குழுக்களின் மூன்றாம் இட அணிகளில் சிறந்த எட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதற்கு வேலை வர வாய்ப்பு அதிகம். அந்த அணிகள் ஒன்றோடொன்று மோதியதே இல்லை என்பதால் அங்கே நேருக்கு நேர் கிடையாது. புள்ளி, கோல் வித்தியாசம், கோல், உடனே அட்டை, அப்புறம் தரவரிசை. வேறொரு குழுவில், வேறொரு நடுவர் எத்தனை மஞ்சள் காட்டினார் என்பதோடு உங்கள் அணியின் மஞ்சளை ஒப்பிடுவார்கள். ஒருவர் கைதாராளம், இன்னொருவர் கஞ்சன் என்பதை எந்தப் பட்டியலும் கணக்கில் எடுக்காது.