திங்கள்கிழமையிலிருந்து எண்ணு, மகளே

கேள்வி: என் ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. மெல்பர்னில் கணக்கியல் முதுகலை படிக்கிறேன். இது முதல் செமஸ்டர், 4 பாடங்கள். திங்கள், செவ்வாய், வியாழனில் காலை 10 முதல் மதியம் 2 வரை வகுப்பு. ஓர் உணவகத்தில் வேலை. விசாப்படி இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கடந்த 4 வாரங்களில் 16, 30, 22, 24 மணி என்று செய்தேன். இரண்டிரண்டாகக் கூட்டினால் 46, 46தான் வருகிறது. ஆனாலும் அசைன்மென்ட்டுகளைக் கடைசி இரவில்தான் முடிக்கிறேன். அம்மா காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போகிறவர். அவர் ஓய்ந்து உட்காரும் நேரம் எனக்கு நள்ளிரவு ஆகிவிடுகிறது. எனக்கு ஒரு வாரத் திட்டம் சொல்லுங்கள்.

பதில்: அட்டவணையைப் பிறகு பார்ப்போம். உன் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலிய மாணவர் விசாவில் இரண்டு வாரம் என்பது ஏதாவதொரு திங்கள்கிழமையில் தொடங்கும் 14 நாட்கள். எந்தத் திங்களில் தொடங்கினாலும் அந்த 14 நாட்களில் 48 மணியைத் தாண்டக் கூடாது. முதல் வாரத்தையும் இரண்டாவதையும் கூட்டிவிட்டு, மூன்றாவதிலிருந்து புதிதாக எண்ண முடியாது. இரண்டாவது வாரத்தை மூன்றாவதோடும் கூட்ட வேண்டும். உன் கணக்கில் 16ம் 30ம் 46. 22ம் 24ம் 46. நடுவில் இருக்கிற 30ஐயும் 22ஐயும் கூட்டிப் பார். 52. நான்கு மணி அதிகம்.

உணவகம் தரும் சம்பளச் சீட்டைப் பார்த்தாலும் இது பிடிபடாது. அதன் சம்பளக் காலம் புதன்கிழமையிலோ வேறு நாளிலோ தொடங்கலாம். எனவே திங்கள் முதல் ஞாயிறு வரை எத்தனை மணி வேலை செய்தாய் என்பதை நீயே ஒரு நோட்டில் எழுது. கையில் ரொக்கமாக வாங்கும் வேலையும், உணவு டெலிவரியும், இரண்டாவது கடையில் செய்யும் வேலையும் அதே 48க்குள்தான் அடங்கும்.

நடந்துவிட்ட மீறலை மறைக்கவோ நேரப் பதிவைத் திருத்தவோ முயலாதே. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போ. தேவைப்பட்டால் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரைப் பார்க்கவும் அவர்களிடமே கேட்கலாம். விசா நிபந்தனையை மீறினால் விசா ரத்தாகவும் வாய்ப்புண்டு என்பதால், தெரிந்தவர்கள் சொல்லும் ஆறுதலை நம்பி இருந்துவிடாதே. முதலாளி உன் விசா நிலையைக் காட்டி அதிக மணி நேரம் வேலை செய்ய வற்புறுத்தினால், அது 2024 ஜூலை முதல் அந்நாட்டில் குற்றம். அவரால் உன் விசாவை ரத்து செய்ய முடியாது.

இனிமேல் எந்த வாரத்திலும் 24 மணியைத் தாண்டாதே. அப்படி இருந்தால் எந்த இரண்டு அடுத்தடுத்த வாரங்களைக் கூட்டினாலும் 48க்குள்தான் வரும். நான் உனக்கு 20 மணிதான் போடுகிறேன். யாரோ வரவில்லை என்று உணவகத்தில் அவசரமாகக் கூப்பிட்டால் போய்வர மிச்சமுள்ள 4 மணி உதவும். செமஸ்டர்களுக்கு இடையிலான விடுமுறையில் இந்த வரம்பு இல்லை. பணத்துக்கு நெருக்கடி என்றால் அந்த வாரங்களில் கூடுதலாக உழைத்துக்கொள்.

இப்போது அட்டவணை. புதன் மாலை 4 முதல் 9, வெள்ளி மாலை 5 முதல் 10, சனியும் ஞாயிறும் பகல் 11 முதல் 4. இது 20 மணி. வார இறுதியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அங்கே உணவகங்களில் சனி, ஞாயிறு வேலைக்குப் பொதுவாக மணிக்கூலி அதிகம். உன் சீட்டில் அந்த உயர்வு தெரிகிறதா என்று பார்.

வகுப்புள்ள மூன்று நாட்களிலும் சாப்பிட்டுவிட்டு 3 மணி முதல் 6.30 வரை நூலகத்தில் இரு. வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று கிளம்பினால் சமையலும் துணி துவைப்பதும் அந்த நேரத்தைத் தின்றுவிடும். புதன் காலை 9 முதல் 2 வரையிலும், வெள்ளி 9 முதல் 3 வரை இடையில் ஒரு மணி சாப்பாட்டுக்கு விட்டும் படி. சனி, ஞாயிறு காலை 8 முதல் 10 வரை. ஆக 12 மணி வகுப்பும் ஏறக்குறைய 25 மணி சொந்தப் படிப்பும். ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி என்பது அங்கே வழக்கமான மதிப்பீடு, உனக்கு 40 வேண்டும். குறைகிற மூன்று மணியைத் தூக்கத்திலிருந்து எடுக்காதே. அசைன்மென்ட் வாரத்தில் ஒரு ஷிப்டை விட்டு எடுத்துக்கொள்.

கடைசி இரவுப் பழக்கத்தை மாற்றுவதும் அந்த ஷிப்டுதான். நான்கு பாடங்களின் கெடு தேதிகளையும் பாடக் குறிப்பேடுகளிலிருந்து எடுத்து ஒரே தாளில் எழுது. இரண்டு அசைன்மென்ட்டுகள் ஒரே வாரத்தில் விழுந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும். ஏழாம் வாரத்தில் அப்படி வருகிறது என்று வைத்துக்கொள். ஒன்றை ஆறாம் வாரத்திலேயே எழுதி முடிக்க வேண்டும். எனவே ஆறாம், ஏழாம் வாரங்களின் வெள்ளி ஷிப்ட் வேண்டாமென்று நான்காம் வாரமே மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிடு. ஷிப்ட் பட்டியல் போட்ட பிறகு சொன்னால் உனக்குப் பதில் ஆள் தேட அவருக்குக் கஷ்டம், உன்மேல் வருத்தமும் வரும். ஞாயிறு நள்ளிரவு கெடு என்றால் உனக்கு நீயே வைத்துக்கொள்ளும் கெடு வியாழன் மாலை. சனி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் திருத்துவதற்கு மட்டும். காய்ச்சல் வந்து எழுத முடியாமல் போனால் அவகாசத்தைக் கெடு முடிவதற்கு முன்பே கேட்டுவிடு.

அம்மாவோடு பேசும் நேரத்துக்கு வருகிறேன். இரவு அவர் ஓயும் நேரத்தைப் பிடிக்க நீ ஏன் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும்? நம் பக்கத்துக் கறவை வீடுகளில் காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே, மதியச் சாப்பாடு முடிந்து சற்று இடைவெளி உண்டு. மதியம் 2 மணி என்று வை. இப்போது உனக்கு அது மாலை 6.30, நூலகத்திலிருந்து வெளியே வரும் நேரம். திங்கள், செவ்வாய், வியாழனில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிறு அதே நேரத்தில் அப்பாவையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசு. புதன், வெள்ளி, சனியில் கூப்பிட மாட்டேன் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடு. எந்த நாளில் அழைப்பு வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் அவரைக் கலங்க வைக்கும். பேச முடியாத நாளில் ஒரு குரல் செய்தி அனுப்பு. சாப்பிட்டாயா என்று அவர் கேட்பதற்கு முன் என்ன சாப்பிட்டாய் என்பதை அதில் சொல்லிவிடு.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். கொழிஞ்சாம்பாறையில் எதுவும் மாறாது. அம்மாவின் 2 மணி அன்றிலிருந்து உனக்கு இரவு 7.30. நூலகத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து பேசலாம். ஏப்ரல் முதல் ஞாயிறன்று மறுபடி 6.30 ஆகிவிடும். மாற்றிக்கொள்வது நீயாக இரு. மாட்டின் கறவை நேரத்தை அம்மாவால் மாற்ற முடியாது.