பழைய கார், புதிய கார், கடன்: மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள்

"அப்பா பெயரில் 2014 மாடல் சின்ன கார் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு என் பெயரில் முதன்முறையாகப் புதுக் கார் வாங்க நினைக்கிறேன். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பழைய காரை அவர்களே எடுத்துக்கொள்வார்களாம், கடனுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். இன்றே புக் செய்தால்தான் ஆஃபர் என்கிறார்கள். அவசரப்படாமல் வாங்குவது எப்படி?" – வாசகி, திருப்பூர்

முதலில் அந்த "இன்றே" என்ற சொல்லைப் பார்ப்போம். கார் நிறுவனங்கள் தள்ளுபடியைப் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் அறிவிக்கின்றன. அதனால் கெடு இருந்தால் அது பொதுவாக மாதக் கடைசியாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். தள்ளுபடி பல நேரம் புக் செய்த தேதிக்குக் கிடைப்பதில்லை, பில் போடும் தேதிக்குத்தான் கிடைக்கிறது. இன்று புக் செய்து, வண்டி இரண்டு மாதம் கழித்து வந்தால், இன்று சொன்ன ஆஃபர் அப்போது இல்லாமல் போகலாம். "டெலிவரி எந்த மாதம்? அப்போதும் இந்தத் தள்ளுபடி உண்டா? ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்?" இந்த மூன்றுக்கும் பதிலை புக்கிங் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த ஆஃபரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டெஸ்ட் டிரைவை மறுபடி கேளுங்கள். சனி, ஞாயிறு தவிர்த்து ஒரு வார நாள் காலையில் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லலாம், பல ஷோரூம்கள் செய்கின்றன. லைசென்ஸ் கையில் இருக்கட்டும், எல்.எல்.ஆர். போதாது. குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஷோரூம்காரர் காட்டும் அகலமான சாலையில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் தெருவில், உங்கள் கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யை முழுதாக வைத்து ஒரு மேம்பாலம் ஏறுங்கள். பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி நகர்த்துங்கள். சின்ன இன்ஜினின் பலம் அங்கேதான் தெரியும். கிளட்ச் இல்லாமல் தானே மாறும் ஏ.எம்.டி. கியர் என்றால் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருள்கிறதா, கியர் மாறும்போது தலை முன்னே போய் வருகிறதா என்பதும் அங்கேயே புரிந்துவிடும். திருப்பங்களில் முன் கண்ணாடியை ஒட்டிய தூண், குறுக்கே வரும் பைக்கை மறைக்கிறதா பாருங்கள். இது உங்கள் உயரத்தையும் சீட்டின் உயரத்தையும் பொறுத்தது. அதனால் அடுத்தவர் சொல்லும் கருத்து இங்கே உதவாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஓட்டிப் பார்க்கத் தரும் வண்டி பெரும்பாலும் விலை கூடிய வேரியன்ட். அதில் சீட்டை உயர்த்தலாம், பின் கேமரா இருக்கும், டயர் அகலமாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் வேரியன்டில் இவற்றில் எவை இல்லை என்று சிற்றேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இன்ஜினும் கியரும் நீங்கள் வாங்குவதேதானா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து பழைய கார். ஷோரூமுக்குப் போகும் முன்பே வெளியில் இரண்டு இடங்களில் விலை கேட்டு வையுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுக் காரின் ஆன்ரோடு விலை 10,20,000 ரூபாய். ஷோரூம் உங்கள் பழைய காருக்கு, எக்ஸ்சேஞ்ச் போனஸையும் சேர்த்து 1,90,000 தருவதாகச் சொல்கிறது. வெளியில் 1,70,000தான் கேட்கிறார்கள். ஷோரூமே மேல் என்று தோன்றும். ஆனால் "எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை?" என்று கேட்டால் 30,000 ரொக்கத் தள்ளுபடி உண்டு என்பார்கள். அப்போது 9,90,000 கொடுத்து, காரை வெளியில் 1,70,000க்கு விற்றால் உங்கள் கையை விட்டுப் போவது 8,20,000. எக்ஸ்சேஞ்சில் போவது 8,30,000. பழைய காருக்கு 20,000 கூடக் கிடைத்ததுபோல் தெரிந்தாலும், மொத்தத்தில் 10,000 நஷ்டம். எந்தப் பேச்சு வந்தாலும் "கடைசியில் நான் கட்டவேண்டிய தொகை எவ்வளவு?" என்ற ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அந்த 10,000 போனாலும் அலைச்சல் மிச்சம் என்று நினைத்தால் எக்ஸ்சேஞ்ச் செய்வதில் தவறில்லை.

கார் அப்பா பெயரில் இருப்பதால் இரண்டு விஷயம். எக்ஸ்சேஞ்ச் போனஸுக்கு உறவுச் சான்று கேட்பார்கள், பெற்றோரின் வண்டியை ஏற்பார்களா என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்காக அப்பாவின் இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி அப்பாவுக்கு உரியது, உங்கள் பெயரில் வாங்கும் காருக்கு வராது.

வண்டியை ஒப்படைக்கும் நாளில், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பாமல் வெற்றாகவே வைத்து அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடக்கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்க அனுமதி பெற்ற டீலர் என்றால், வண்டி கைமாறியதைப் படிவம் 29சி வழியாகப் பதிவு செய்யலாம். இந்த நடைமுறை 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. எப்படியானாலும் தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் குறித்த ஒப்படைப்புச் சீட்டு வாங்குங்கள். ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் டோலுக்கு அப்பா கணக்கிலிருந்து பணம் போகும்.

கடனுக்கு, சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேளுங்கள். அந்த வட்டி விகிதம் கையில் இருந்தால்தான் ஷோரூம் சொல்வதை ஒப்பிட முடியும். 8,20,000-இல் 1,20,000 உங்கள் சேமிப்பு, 7,00,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 9.5 சதவீதம் என்கிறது. ஷோரூமில் "6 சதவீதம்தான், ஃப்ளாட்" என்கிறார்கள். ஃப்ளாட் என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஐந்து வருடமும் முழு 7,00,000-க்கே வட்டி போடுவார்கள், அது 2,10,000. வங்கியின் 9.5 சதவீதம் குறையும் அசலுக்கானது, மாதம் சுமார் 14,700 கட்டினால் மொத்த வட்டி ஏறக்குறைய 1,82,000. 6 என்று சொன்னது 28,000 ரூபாய் அதிகம். குறையும் அசல் கணக்கில் அது 10.8 சதவீதத்துக்கு மேல்.

தவணையைக் குறைக்க ஏழு வருடம் எடுக்கச் சொல்வார்கள். அதே 9.5 சதவீதத்தில் தவணை சுமார் 11,440 ஆகும், ஆனால் வட்டி 2,61,000 ஆகிவிடும். மாதம் 3,260 குறைவதற்கு மொத்தத்தில் 79,000 கூடுதல். ஐந்து வருடத் தவணை தாங்காது என்றால் காலத்தை நீட்டுவதைவிட ஒரு வேரியன்ட் கீழே இறங்குவதே என் பரிந்துரை.

கையெழுத்துக்கு முன், கடனின் முக்கிய விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லும் கே.எஃப்.எஸ். என்ற அறிக்கையைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், கார் கடன் உட்படத் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு இதை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, உங்களுக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பதும் அதில் உண்டு. ப்ராசஸிங் கட்டணம், கடனோடு ஒட்டவைக்கும் இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதம் ஏ.பி.ஆர். என்று அதில் இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். கார் கடன் போன்ற நீண்ட கடனுக்கு அதில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்கள் செல்லுபடியாக வேண்டும் என்பதும் அதே விதி. அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோய், அப்பாவோடு உட்கார்ந்து படித்துவிட்டு மூன்றாம் நாள் பதில் சொல்லலாம்.